கனவான்களே! சீமாட்டிகளே!

சென்ற திங்கள் ஓர் ஊரில் படிப்பக ஆண்டு விழா. பேச வந்த நண்பர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, "தாய்மார்களே! பெரியோர்களே!" என்று தொடங்கினார். முன்வரிசையில் கல்லூரி மாணவியர் நால்வர் அமர்ந்திருந்தனர். கூட்டம் முடிந்ததும் அவர்களுள் ஒருத்தி அவரிடம் சென்று, "ஐயா, நான் தாயும் அல்லேன், பெரியோரும் அல்லேன், என்னை நீங்கள் அழைக்கவே இல்லையே, எனினும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன்" என்றாள். நண்பர் நகைத்தார். நாங்களும் நகைத்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் அவையை என்ன சொல்லி அழைப்பது? இஃது அற்பக் கேள்வி எனத் தோன்றலாம். இந்த ஒரு கேள்விக்கு விடை காணப் புகுந்த ஒரு நாடு, ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அச்சொல்லுக்கு உரிய பொருளைக் கொடுக்க நூற்றைம்பத்து மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதை அறிந்தால் அப்படித் தோன்றாது. அந்த நாடு பிரான்சு.

முதலில் பழைய விளியைப் பார்த்துவிடுவோம். ஆங்கில மேடையின் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்பதை நம் முன்னோர் 'கனவான்களே, சீமாட்டிகளே' என்று மொழிபெயர்த்தனர். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஜென்டில்மென் என்பதன் அடிப்பொருள் நல்ல குடியில் பிறந்த ஆடவர் என்பதே. லேடி என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் அப்பத்திற்கு மாவு பிசைபவள் என்ற பொருளில் பிறந்தது. பின்னர் அந்த வீட்டுத் தலைவியைக் குறித்து, அதன்பின் பிரபுவின் மனைவிக்கே உரியதாகிவிட்டது. மாவு பிசைந்த கை மறைந்துபோய் மோதிரம் அணிந்த கை மட்டும் எஞ்சியது! பிரெஞ்சு மொழியின் 'மெஸ்யே' என்பதோ இன்னும் வெளிப்படை. 'என் பிரபுவே' என்பதன் தேய்ந்த வடிவம் அது. 'மதாம்' என்பது 'என் தலைவியே'. பழைய ஆட்சியில் வணிகன் ஒருவனின் மனைவி மணமானவளாயினும் 'மதாம்' ஆக முடியாது. 'மத்மொசேல்' என்ற சிறிய சொல்லே அவளுக்கு. பெரிய சொல் பெரிய குடிப் பெண்டிருக்கு.

1789 மே 5 அன்று வெர்சேய் நகரில் மூன்று வகுப்பாரின் பேரவையைத் திறந்துவைத்த பதினாறாம் லூயி மன்னன் 'மெஸ்யே' என்றே பேச்சைத் தொடங்கினான். உறுப்பினர் இருக்கைகளில் பெண் ஒருத்தியும் இல்லை. ஆதலால் அவ்வளவில் விளி பொருந்திற்று. ஆனால் அடுத்த மூன்றாண்டுகளில் அவையும் மாறியது, அவையைச் சூழ்ந்திருந்தோரும் மாறினர். 1790 சூன் 19 அன்று பரம்பரைப் பிரபுத்துவம் ஒழிக்கப்பட்டது. பிரபு என்ற நிலையே சட்டத்தில் இல்லாதபோது எதிரே நிற்பவரை 'என் பிரபுவே' என்று அழைப்பது எவ்வாறு? 1792 ஆகஸ்டில் மன்னன் வீழ்ந்தான். செப்டம்பர் 21 அன்று முடியாட்சியே முடிந்தது. அந்த நாட்களில்தான் 'சித்தொயேன்' என்ற சொல் பாரிசு நகரத் தெருக்களை நிறைத்தது. குடிமகன் என்பது அதன் பொருள். பெண்ணை அழைக்க 'சித்தொயேன்ன்' என ஒரு விகுதி கூட்டினர். குடிமகள் என்பது அதன் பொருள். இந்த இடத்தில் 'குடிமகன் என்னும் பட்டமே பெருமை' என்ற பொருள்பட அறிவிப்புப் பலகை தொங்கவிடுவதும் அக்கால வழக்கமாயிற்று.

குடிமகள் என்ற சொல்லில் ஒரு பெரிய நன்மை இருந்தது. மணமானவளா, ஆகாதவளா, பெரிய வீட்டவளா, சிறிய வீட்டவளா என்ற வினாக்கள் நான்கையும் அது ஒரே அடியில் வெட்டி வீழ்த்தியது. மீன் விற்பவளும் குடிமகள். முன்னாள் சீமாட்டியும் குடிமகள். நம் மேடைகளில் 'தாய்மார்களே' என்று சொல்லிப் பெண்ணை அவள் பெற்ற பிள்ளையைக் கொண்டு அளக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்நாட்டார் எவ்வளவு தூரம் சென்றனர் என்பது விளங்கும்.

ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. குடிமகள் என்று அழைக்கப்பட்டவளுக்குக் குடியுரிமை இருந்ததா?

1789 டிசம்பரிலேயே ஒரு சட்டம் குடிமக்களை இரண்டாகப் பிரித்திருந்தது. மூன்று நாள் கூலிக்கு ஈடான வரி கட்டும், 25 அகவை நிரம்பிய ஆடவர் 'செயற்படு குடிமக்கள்', அவர்களுக்கே வாக்கு. ஏழைகளும் வீட்டு வேலைக்காரர்களும் வாக்கற்றவர் ஆயினர். பெண்கள் அனைவரும் செல்வம் இருந்தும் வாக்கற்றவரே. 1792-இல் ஏழை ஆடவருக்கு அந்தத் தடை தளர்ந்தது. பெண்களுக்குத் தளரவில்லை. அவர்கள் மன்றத்தின் மாடங்களில் அமர்ந்து, கையில் பின்னல் ஊசியோடு, பேச்சைக் கேட்டனர், கைதட்டினர், கூச்சலிட்டனர். மேடையிலிருந்தவர் 'குடிமக்களே' என்றபோது அவர்களும் தம்மைத்தான் அழைக்கிறார் என எண்ணியிருக்கலாம். இலக்கணம் அவர்களை ஏமாற்றியது. பிரெஞ்சு மொழியில் நூறு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் இருந்தாலும் பன்மை ஆண்பாலில்தான் வரும். ஆகவே 'சித்தொயேன்' என்ற பன்மை விளி பெண்களை உள்ளடக்கியதா, விலக்கியதா என்பதைக் கேட்பவள் அறியவே முடியாது. சொல்பவனுக்கு வேண்டியபோது உள்ளடக்கும், வேண்டாதபோது விலக்கும்.

அது எப்போது விலக்கியது என்பதற்கு இரண்டே நாட்களின் கதை போதும்.

1793 மே மாதத்தில் போலின் லெயோன், கிளேர் லக்கோம்ப் என்னும் இரு பெண்கள் புரட்சிக் குடியரசுப் பெண்கள் கழகம் ஒன்றைப் பாரிசில் நிறுவினர். விலைவாசி, பதுக்கல், நாட்டுக் காவல் ஆகியவற்றைப் பற்றிப் பெண்களே கூடிப் பேசி முடிவெடுக்கும் கழகம் அது. அக்டோபர் இறுதியில் சந்தைப் பெண்களுக்கும் கழகத்தாருக்கும் இடையே மூவண்ணச் சின்னம், சிவப்புத் தொப்பி அணிவது குறித்துக் கைகலப்பு மூண்டது. அதையே காரணமாக்கி, அக்டோபர் 30 அன்று அமார் என்ற உறுப்பினர் பேரவையில் அறிக்கை படித்தார். பெண்கள் அரசியல் உரிமை செலுத்தலாமா, கழகம் அமைக்கலாமா என்று தாமே கேட்டு, இரண்டிற்கும் இல்லை என்று தாமே விடையும் தந்தார். சார்லியே என்ற ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்தார். பெண்கள் மனித இனத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லப் போகிறீர்களா, அல்லவெனில் சிந்திக்கும் எவர்க்கும் உள்ள கூடும் உரிமையை எப்படிப் பறிப்பீர்கள் என்ற கருத்தில் எதிர்த்தார். அவருக்கு மறுமொழி சொன்னவர் பசீர் என்பவர். இக்கழகங்கள் ஆபத்தானவை என்பது தெரிந்துவிட்டது; இனி எனக்குக் கொள்கை பேசாதீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். தடை நிறைவேறிற்று.

மறுநாள், அக்டோபர் 31. அதே பேரவை. மக்கள் கழகங்களின் சார்பில் மால்பெக் என்பவர் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். ஒருவரை 'நீங்கள்' என்று பன்மையில் அழைப்பது அடிமைக்கால எச்சம்; இனி எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றே அழைக்கச் சட்டம் செய்ய வேண்டும்; அதனால் செருக்குக் குறையும், உடன்பிறப்புணர்வு வளரும், சமத்துவம் மலரும் என்பது அவர் வேண்டுகோள். பேரவை அதைப் பாராட்டிக் குறிப்பேட்டில் பதிந்ததேயன்றிச் சட்டமாக்கவில்லை. நவம்பர் 11 அன்று அதைக் கட்டாயச் சட்டமாக்க மீண்டும் வாதாடியவர் யார் தெரியுமா? முன்பு பெண்களின் கழகத்தை மூடும்போது கொள்கை பேசாதீர் என்றாரே, அதே பசீர்! துரியோ என்பவர் எதிர்த்தார், தீர்மானம் வீழ்ந்தது.

பசீர் கயவர் என்று நான் கருதவில்லை. அவர் தம்மைச் சமத்துவவாதி என்றே நம்பியிருப்பார். 'நீ' என்ற சொல்லில் சமத்துவத்தைக் கண்ட அவர் கண்ணுக்குத் தலைக்கு மேலே மாடத்தில் அமர்ந்திருந்த பாதி மக்கள் தென்படவில்லை. விளியைத் திருத்துவதில் காட்டிய ஆர்வத்தில் நூற்றில் ஒரு பங்கை விளிக்கப்பட்டவரிடம் காட்டவில்லை. நம்மிடையேயும் இத்தகைய பசீர்கள் உண்டு. மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டில் தண்ணீர்ச் செம்புக்குக் குரல் கொடுப்பவர்கள்.

அதற்குப் பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1791-இல் பெண்ணுரிமைச் சாற்றுரை எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டார். இரு வாரம் கழித்துச் சிவப்புத் தொப்பியோடு பாரிசு நகர மன்றத்துக்கு வந்த பெண்களை, ஷோமெத் என்ற தலைவர் அந்தக் கொலையையே எடுத்துக்காட்டி அதட்டி விரட்டினார். 1795 மே மாதத்தில் பெண்கள் பேரவை மாடங்களுக்கே வரக்கூடாதென ஆணை பிறந்தது. தெருவில் ஐவருக்கு மேல் பெண்கள் கூடினால் சிறை என்றும் ஆணை பிறந்தது. ஆணும் பெண்ணும் கலந்த அவையே இல்லாமற் போனது. அப்புறம் விளியைப் பற்றிக் கவலை எதற்கு? நெப்போலியன் காலத்திற்குள் மெஸ்யேவும் மதாமும் சத்தமில்லாமல் திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டன.

1848-இல் மீண்டும் குடியரசு, மீண்டும் 'குடிமக்களே'! 'அனைவருக்கும் வாக்குரிமை' என்று முழங்கினர். அந்த அனைவரில் பெண் ஒருத்தியும் இல்லை. அனைவர் என்ற சொல்லுக்கே வேலி போட்ட விந்தையை அங்கே காண்கிறோம்.

இந்தச் சொல் விளையாட்டைக் கையும் களவுமாகப் பிடித்தவர் உபெர்த்தீன் ஒக்லேர் என்ற பெண்மணி. அவர் செய்தது எளிய கணக்கு. பிரெஞ்சுச் சட்டங்கள் எல்லாம் 'பிரெஞ்சுக்காரர்' என்றே பேசுகின்றன. பிரெஞ்சுக்காரர் வரி கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம். பிரெஞ்சுக்காரர் வாக்களிக்கலாம் என்று ஒரு சட்டம். சொல் ஒன்றே. வாக்குச் சாவடியில் அச்சொல் என்னைக் குறிக்காதென்றால் வரி அலுவலகத்தில் மட்டும் எப்படிக் குறிக்கும்? 1880-இல் வரி கட்ட மறுத்தார். அதிகாரிகள் அவர் வாதத்தை ஏற்கவில்லை. வாதத்துக்கு விடையும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்குச் சூட்டிய பெயர் 'லா சித்தொயேன்ன்'. 1793-இல் கைவிடப்பட்ட அந்தக் 'குடிமகள்' தான்! 1885-இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே, அரசியல் உரிமைக்கு வரும்போது 'பிரெஞ்சுக்காரர்' என்ற சொல் பெண்களை உள்ளடக்காது என்று தீர்ப்பளித்தது. அவர் காட்டிய ஓட்டை நீதிபதிகளின் எழுத்தாலேயே உறுதிப்பட்டுவிட்டது.

ஒக்லேர் 1914-இல் மறைந்தார். வாக்குரிமை அவர் வாழ்நாளில் வரவில்லை. 1940-இல் இட்லர் படை பிரான்சைப் பிடித்தபின் இலண்டனிலிருந்து தெ கோல் வெளியிட்ட புகழ்பெற்ற சுவரொட்டி, 'பிரெஞ்சுக்காரர் அனைவர்க்கும்' என ஆண்பாற் பன்மையில்தான் தொடங்கிற்று. நான்கு ஆண்டுகளில், 1944 ஏப்ரல் 21 அன்று அல்ஜியர்ஸ் நகரிலிருந்து அவருடைய அரசு பிறப்பித்த ஆணை, ஆடவரைப் போலவே பெண்களும் வாக்களிக்கலாம், தேர்தலில் நிற்கலாம் என்றது. 1945 ஏப்ரல் 29 அன்று நகராட்சித் தேர்தலில் பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்குச் சீட்டைக் கையில் பிடித்தனர். 1792-இல் கிடைத்த பெயருக்கு 1945-இல் பொருள் கிடைத்தது.

இதற்குப் பின்னர் தெ கோல் மேடையேறியபோது அவர் விளி 'பிரான்சேஸ், பிரான்சே' என்றிருந்தது. பிரெஞ்சுப் பெண்களே, பிரெஞ்சு ஆண்களே! 1961 ஏப்ரல் 23 அன்று அல்ஜீரியாவில் தளபதிகள் கலகம் செய்த நேரத்தில், இராணுவ உடையோடு தொலைக்காட்சியில் தோன்றி நாட்டாரை உதவிக்கு அழைத்தபோதும் பெண்களைத் தனியே, முதலில், பெயர் சொல்லித்தான் அழைத்தார். தெ கோல் பெண்ணுரிமைப் போராளி அல்லர். பழமை விரும்பும் படைத் தலைவர். ஆயினும் வாக்காளரில் பாதி பெண்கள் என்றானபின் அவர்களை ஆண்பாற் பன்மைக்குள் ஒளித்துவைக்க எந்த அரசியல்வாதிக்குத் துணிவு வரும்? நன்னடத்தையைவிட வாக்குச் சீட்டு விளியை விரைவாகத் திருத்துகிறது. 1974-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஆர்லெத் லாகியே என்ற வங்கி ஊழியப் பெண் இன்னும் ஒரு படி சென்று, நாட்டின் பெயரையும் விட்டுவிட்டு 'உழைக்கும் பெண்களே, உழைக்கும் ஆண்களே' என்று தொடங்கினார். கேட்பவரைப் பிறப்பால் அன்றித் தொழிலால் அழைத்த அந்த விளி அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் கதை முடிந்துவிடவில்லை. பெண்களே, ஆண்களே என்று இருவரையும் சொல்லும்போது, இரண்டிலும் அடங்காதவர் வெளியே நிற்கின்றனர். நம் நாட்டு உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றது. உலகிலும் அக்கேள்வி எழுந்தது. 2017-இல் இலண்டன் சுரங்க இரயில் ஊழியர்கள், பழைய விளியை விட்டு 'அனைவர்க்கும் வணக்கம்' என்ற பொருளில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2020 அக்டோபர் முதல் நாளிலிருந்து ஜப்பான் விமான நிறுவனமும் ஆங்கில அறிவிப்பில் அதை நீக்கியது. சுவையான செய்தி என்னவென்றால், ஜப்பானிய மொழி அறிவிப்பில் நீக்குவதற்கு ஒன்றுமே இல்லை. அதில் ஆண் பெண் என்ற பிரிவு முன்பே கிடையாது.

இங்கேதான் நம் தமிழின் நினைவு வருகிறது. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாக நம் இலக்கணம் பிரித்தது. பலர்பால் விகுதியாகிய 'அர்' ஆணுக்குச் சாய்வதுமில்லை, பெண்ணுக்குச் சாய்வதுமில்லை. அவையோரே, நண்பர்களே, தோழர்களே என்றால் ஒருவரும் வெளியே இல்லை. பிரெஞ்சுக்காரன் நூற்றாண்டுக் கணக்கில் தேடிய பொதுச் சொல் நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. அதை எடுத்து வழங்க முனைந்தவரும் உண்டு. ஐரோப்பாவையும் சோவியத்து நாட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் ஈரோடு திரும்பிய பெரியார், ஸ்ரீ, திரு, மகா-௱-௱-ஸ்ரீ போன்ற ஒட்டுகளை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் 'தோழர்' என்றே அழைக்குமாறு 'குடி அரசு' ஏட்டில் வேண்டினார். ரஷ்ய மொழியில் 'தொவாரிஷ்' இலக்கணப்படி ஆண்பாற் சொல். பெண்ணையும் அதனாலேயே அழைத்தனர். தமிழில் அந்த இடரும் இல்லை. தோழனும் தோழியும் தோழர் ஆகிவிட்டனர்.

அப்படியானால் தோழர்களே என்று சொல்லிவிட்டால் போதுமா? பிரான்சின் கதையைப் படித்தபின் நான் தயங்குகிறேன். பொதுச் சொல் நல்ல சொல்தான்; ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும். அவையில் ஆடவர் முந்நூறு பேர், பெண்கள் ஒருவரும் இல்லை என்றாலும் 'தோழர்களே' பிழையின்றி ஒலிக்கும். காதுக்கு ஒன்றும் உறுத்தாது. 'பெண்களே, ஆண்களே' என்றால் உறுத்தும். பேசுபவன் வாயில் பெண்களே என்ற சொல் வந்ததும் கண் அவர்களைத் தேடும். காணாவிட்டால் நா தடுமாறும். ஆகவே பெண்கள் வருவதே போராட்டமாயிருக்கும் ஊரில், வந்த சிலரையும் பின்வரிசைக்குத் தள்ளும் கூட்டத்தில், நான் அவர்களைத் தனித்துச் சொல்லியே தொடங்குவேன். ஆணும் பெண்ணும் பிறரும் இடம் பார்த்து அமரும் பழக்கம் வந்துவிட்ட படிப்பகத்தில் 'தோழர்களே' போதும். இரண்டிடத்திலும் வேண்டாத விளி ஒன்று உண்டென்றால் அது கேட்பவரின் பிள்ளைப்பேற்றையோ பெருங்குடிப் பிறப்பையோ சொல்லி அழைப்பது.

அந்த மாணவியின் கேள்விக்கு நண்பர் விடை சொல்லவில்லை என்றேன் அல்லவா? அடுத்த கூட்டத்தில் அவரே பேசினார். தொடங்குமுன் சற்று நின்று முன்வரிசையைப் பார்த்தார். அவள் அங்கே இருந்தாள். "தோழர்களே!" என்றார். அன்றைய கூட்டத்துக்குத் தலைமை யார் என்று அப்போதுதான் அறிவிப்பைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அமர்ந்த அதே ஐயாதான்.